மெஷினில் இல்லாத மஞ்சள்

அந்த ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் கொஞ்ச நாளாக நீலம் பாரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சண்டைக்கு வந்தவர் வங்கிக் கேஷியர். நல்ல சிவந்த மனிதர். கையிலிருந்த படத்தை மேஜைமேல் போட்டுவிட்டு, "அம்மா, நான் உயிரோடதான இருக்கேன்? என் வீட்டுக்காரி படத்தப் பாத்துட்டு என் நெத்தியத் தொட்டுப் பாக்குறா" என்றார்.

"குளிர்ல வந்து உக்காந்திருப்பீங்க" என்றாள் ஸ்டூடியோவின் முதலாளியம்மா.

அடுத்த நாள் ஒரு கைக்குழந்தையின் தாய் வந்தாள். குழந்தை படத்தில் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அதற்கடுத்து, விசா அலுவலகத்திலிருந்து ஒருவருக்குப் படம் திரும்பி வந்தது. 'இயற்கையான தோல் நிறத்தில் புதிய படம் அனுப்பவும்' என்று குறிப்பு வேறு. அதைப் படித்ததும் முதலாளியம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இத்தனை வருஷத் தொழிலில் அவள் கையால் போன படம் ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

'முதலாளி' என்று பட்டம் கட்டியது அவள் கணவர்தான். அதில் தப்பு சொல்ல முடியாது. படம் எடுப்பது, கம்ப்யூட்டரில் திருத்துவது, அச்சடிப்பது, திட்டுவது எல்லாம் அவள் வேலை. விளக்கு பொருத்துவது, திரை மாட்டுவது, திட்டு வாங்குவது அவர் வேலை. தெருவில் அவருக்கு லைட் சார் என்று பெயர். அறுபதைத் தாண்டியும் வாய் மட்டும் ஓயாது. பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் எதிரே விளக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் பேசுகிற பேச்சில் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "கொஞ்சம் வாய மூடுங்க, நான் இன்னைக்கு நாலு படம் எடுக்கணும்" என்று தினமும் ஒரு தடவையாவது அவள் சொல்லியாக வேண்டும்.

படம் ஏன் நீலமாகிறது என்பதற்கு வருவோம். காலையில் கடை திறந்ததும் முதல் படம் லைட் சாருடையதுதான். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் அவர் உட்காருவார், அவள் ஒரு படம் எடுத்து அச்சடித்துப் பார்த்து அன்றைய நிறத்தைச் சரிசெய்துகொள்வாள். தொழிலில் மற்றவர்கள் இதற்கு ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்திருப்பார்கள். அட்டை படத்தில் சரியான சாம்பலாக வந்தால் மற்ற நிறமெல்லாம் சரி. அவளிடமும் அந்த அட்டை இருந்தது. ஈ ஓட்டுவதற்குப் பயன்பட்டது.

"அட்டைய நம்பி நான் என்ன பண்ணப் போறேன்?" என்பாள். "இந்த மூஞ்சிய முப்பது வருஷத்துக்கு மேல பாத்துட்டு இருக்கேன். இது சரியா வந்துட்டா ஊர்ல எல்லா மூஞ்சியும் சரியா வரும்."

லைட் சார் இதைக் காதல் வசனமாகவே எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அவள் ஒருநாளும் அதை மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

அந்த முகம்தான் சில வாரங்களாகப் படத்தில் மஞ்சளாக வந்துகொண்டிருந்தது. அவள் முதலில் விளக்கைக் குறை சொன்னாள். "என்ன பல்பு வாங்கிட்டு வந்தீங்க, எல்லாம் மஞ்ச மஞ்சளா அடிக்குது" என்றாள். அவர் பல்பை மாற்றினார். பிறகு திரையைக் குறை சொன்னாள், அவர் திரையை மாற்றினார். சுவருக்கு வெள்ளை அடித்தார். மஞ்சள் அடங்கவில்லை. சரி, அச்சு மெஷினின் மை போலிருக்கிறது என்று முடிவு கட்டி, கம்ப்யூட்டரில் மஞ்சளைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு நீலத்தை ஏற்றினாள். அவர் முகம் பழையபடி ஆனது. மறுநாள் பார்த்தால் மறுபடி மஞ்சள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். இப்படியே தினமும் இழுத்து இழுத்து லைட் சார் மட்டும் படத்தில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ஊரில் மற்றவர்கள்தான் விறைத்துப்போனார்கள்.

வீட்டில் அவர் மாப்பிள்ளை ஆனது வேறு கதை. நான்கு மாதத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அவர் வீட்டுப் பக்கம் யாருக்கும் சர்க்கரை கிடையாது. அவரும் குண்டு ஆள் இல்லை. தெருமுனைக் கிளினிக் டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்து, "ஒரு மாசத்துல வாங்க, எடையும் பாக்கணும், இந்த வயசுல திடீர்னு வர்றதக் கொஞ்சம் கவனிக்கணும்" என்று சொல்லியிருந்தாள். அவர் போகவில்லை. போவதற்கு அவசியமே இல்லாமல் செய்துவிட்டான் முதலாளியம்மாவின் தம்பி.

தம்பிக்குச் சர்க்கரையில் பதினைந்து வருஷ அனுபவம். இத்தனை வருஷமாகக் குடும்பத்தில் தனியாளாகக் கஷ்டப்பட்டவனுக்கு ஒரு கூட்டாளி கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் வந்து அத்தானை நடக்க அழைத்துப் போனான், கேரட் சாறு பிழிந்துகொடுத்தான், அறிவுரை வழங்கினான். லைட் சார் சடசடவென்று இளைத்தார். பேன்ட் பெல்ட்டில் புதிய ஓட்டை போட்டார், பிறகு இன்னொரு ஓட்டை. தெருவே பாராட்டியது.

தம்பிக்கு மட்டும் வயிறு எரிந்தது. "அக்கா, நானும் அதே நடைதான் நடக்குறேன், அதே சாறுதான் குடிக்கிறேன். இவருக்கு ஒடம்பு கரையுது, எனக்குத் தொப்பைதான் வளருது" என்றான்.

"அதுக்கெல்லாம் மனக்கட்டுப்பாடு வேணும் மாப்ள" என்றார் லைட் சார். உண்மையில் அவருக்கு மனக்கட்டுப்பாடு என்று ஒன்றும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியிலேயே போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அதை ஏன் வெளியே சொல்லிப் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்.

இதெல்லாம் முதலாளியம்மாவுக்குத் தெரியும். உள்ளங்கை கொஞ்சம் மஞ்சளாக இருப்பதைக்கூடக் கவனித்திருந்தாள். "கேரட்டக் கொறைங்க, கையெல்லாம் சாயம் ஏறுது" என்று ஒரு அதட்டு அதட்டினாள். அவர் உடம்பைச் சொறிந்துகொண்டே இருப்பதற்குப் புதிய சோப்பைத் திட்டினாள். தினமும் பக்கத்திலேயே இருக்கிற முகம், மெதுவாக மாறுகிறபோது யார் கண்ணில்தான் படும்.

விசா படம் திரும்பி வந்த அன்று அவள் மெஷின்காரரை வரவழைத்தாள்.

மெஷின்காரர் அச்சு இயந்திரம் பழுது பார்ப்பவர். அவருக்கு அந்த மெஷின்மேல் ஒரு பாசம் உண்டு. அதை யாராவது குறை சொன்னால் வீட்டுப் பெண்ணைச் சொன்ன மாதிரி முகம் சிவந்துவிடும். மூடியைக் கழற்றிப் பார்த்தார், துடைத்தார், சோதனை அச்சு எடுத்தார். "மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல மேடம்" என்றார்.

"அப்போ என் கண்ணுல குத்தமா?"

"அத நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"சொல்லித்தான் பாருங்களேன்."

லைட் சார் உள்ளே புகுந்து, "விடு முதலாளி, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார். இதற்குள் தம்பியும் கேரட் சாற்றோடு வந்து சேர்ந்தான். மெஷின்காரருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். கம்ப்யூட்டரில் அவள் ஏற்றிவைத்திருந்த நீலத்தையெல்லாம் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கம்பெனியிலிருந்து வந்தபடி வைத்தார். "இப்போ ஒரு படம் எடுங்க. ரெண்டு பேரையும் சேத்து உக்கார வச்சு எடுங்க. ஒரே லைட்டு, ஒரே கேமரா. மெஷின் தப்புன்னா ரெண்டு பேரும் மஞ்சளா வரணும்ல."

அத்தானும் மச்சினனும் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். தம்பி மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினான். "பாஸ்போர்ட்டுல வயிறு வராது மாப்ள, நிம்மதியா மூச்சு விடு" என்றார் லைட் சார். அவள் படத்தை எடுத்தாள்.

அச்சு வெளியே வந்தது. தம்பி தம்பியாகவே இருந்தான், மாநிறம், கன்னத்தில் கொஞ்சம் எண்ணெய். பின்னால் சுவர் வெள்ளை. லைட் சாரின் சட்டை வெள்ளை. சட்டைக்கு மேலே இருந்தவர் மட்டும் மஞ்சள்.

"பாத்தீங்களா, மெஷின் சுத்தம்" என்று மெஷின்காரர் பையை மூடினார். பணத்தை வாங்கிக்கொண்டு, ஜெயித்த திருப்தியோடு போய்விட்டார். தான் என்னத்தை நிரூபித்தோம் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது.

முதலாளியம்மா கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். நெற்றி, மூக்கு, பிறகு கண். இன்னும் பெரிதாக்கினாள். தம்பியின் கண்ணில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. பக்கத்திலிருந்தவர் கண்ணில் வெள்ளை என்பதே இல்லை. திரும்பி, "ஜன்னல்கிட்ட வாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள். பகலில் அவள் கடை பூட்டி யாரும் பார்த்ததில்லை. லைட் சாருக்கே அப்போதுதான் லேசாகப் பயம் வந்தது.

கிளினிக்கில் டாக்டரம்மா அவரைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு மாசத்துல வரச் சொன்னேனே" என்பதுதான்.

"சர்க்கரை நல்லா கண்ட்ரோல்ல இருக்கு டாக்டர், எடையெல்லாம் பிரமாதமா கொறைச்சிட்டேன்" என்றார் லைட் சார். எடை இயந்திரத்தில் ஏறி நின்றார். டாக்டரம்மா எண்ணைப் பார்த்துவிட்டுப் பழைய எண்ணைப் பார்த்தாள். பாராட்டவில்லை. அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இது கேரட்டுங்க டாக்டர்" என்று தம்பி முன்வந்தான். "நான்தான் டெய்லி பிழிஞ்சு குடுக்குறேன். கொஞ்சம் ஓவராப் போயிருச்சு."

"கேரட் அதிகமானா தோல் மஞ்சளாகும். கண்ணோட வெள்ளை மஞ்சளாகாது. இது காமாலை." டாக்டரம்மா லைட் சாரிடம் திரும்பினாள். "வயித்துல வலி இருக்கா?"

"சுத்தமா இல்ல."

"காய்ச்சல்?"

"இல்ல. எனக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர். இவதான் படத்தப் பாத்து பயந்துட்டா."

"யூரின் என்ன கலர்ல போகுது?"

லைட் சார் கூரையைப் பார்த்தார். மச்சினன் எதிரில் இதையெல்லாம் பேசுவதா என்று கூச்சம். "மஞ்சளாத்தான்" என்றார்.

முதலாளியம்மாவால் பொறுக்க முடியவில்லை. "என்ன மஞ்சள்? மஞ்சள்ல நூறு மஞ்சள் இருக்கு. கரெக்டா சொல்லுங்க."

"பால் ஊத்தாத டீ மாதிரி."

"அதுக்குப் பேரு மஞ்சளா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"மலம்?" என்றாள் டாக்டரம்மா.

லைட் சார் தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். அவர் குரலைத் தாழ்த்தி மனைவியிடம், "நம்ம ஈ ஓட்டுற அட்டை இருக்குல்ல, அந்தக் கலர்" என்றார். "தண்ணி ஊத்துனாலும் போகாது, மெதக்குது."

இதை எத்தனை நாளாக மனதுக்குள் வைத்திருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் தன் பக்கமும் ஒரு கணக்கு வரும் என்று அவளுக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து வலது விலாவுக்குக் கீழே அழுத்தினாள். "இங்க வலிக்குதா?" வலிக்கவில்லை, கூசியது, சிரித்தார். ஆனால் டாக்டரம்மாவின் விரலுக்குக் கீழே ஏதோ வழுவழுவென்று புடைத்துக்கொண்டிருந்தது. பித்தப்பை வீங்கியிருக்கிற மாதிரி தெரிகிறது என்றாள்.

"கல்லா இருக்குமா டாக்டர்?" என்று முதலாளியம்மா கேட்டாள். கல்லாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"கல்லுன்னா பெரும்பாலும் வலிச்சிருக்கும்."

"வலி இல்லாதது நல்லதுதான?"

"இதுல அப்படிச் சொல்ல முடியாதும்மா." டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் வருகிற குழாய், அது கடைசியில் கணையத்தின் தலைப்பகுதி வழியாகப் போகிறது. "சந்துக்குள்ள யாராவது வண்டிய நிறுத்திட்டா ட்ராஃபிக் பின்னாடி நிக்குதுல்ல, அது மாதிரி இந்த எடத்துல ஏதோ அழுத்துனா பித்தம் கீழ எறங்காது. ரத்தத்துல ஏறும், அதான் கண்ணு மஞ்சள், யூரின் கறுப்பு, அரிப்பு. குடலுக்குப் போகாததால மலம் வெளுத்துப் போகுது. ஈரல் வீக்கத்துலயும் காமாலை வரும்தான். ஆனா உங்களுக்கு இந்த வயசுல திடீர்னு சர்க்கரை, தானா எடை கொறையுது, வலியில்லாத காமாலை. மூணும் சேந்து வந்தா நான் கணையத்தப் பாக்காம விட மாட்டேன்."

"தானா கொறையலியே, நடக்குறேனே" என்றார் லைட் சார்.

"இவரும் நடக்குறாரே" என்று தம்பியின் வயிற்றைக் காட்டினாள் டாக்டரம்மா.

தம்பி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தொப்பையைப் பற்றிய பேச்சுக்குக் கோபப்படவில்லை. வெளியே வந்ததும் கையிலிருந்த சாற்று பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "நான் அத்தானப் பாத்துப் பொறாமப்பட்டுட்டு இருந்தேன் அக்கா" என்றான். அவனைத் தேற்றுகிற நிலையில் அவள் இல்லை. பொறாமைப்பட்டது அவனென்றால் அழித்தது அவள். ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து, நோய் போட்ட மஞ்சளைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு, அழகாக வந்திருக்கிறது என்று ரசித்தவள்.

அதற்கப்புறம் பரிசோதனைகள் வரிசை கட்டின. ரத்தத்தில் பிலிருபின் என்கிற மஞ்சள் நிறமி ஏறியிருந்தது, அதிலும் ஈரல் தன் வேலையைச் செய்து அனுப்பிய வகை. ஆகவே கோளாறு பெரும்பாலும் ஈரலில் இல்லை, வழியில் அடைப்பு என்றார்கள். வயிற்று அல்ட்ராசவுண்டில் பித்தக் குழாய் விரிந்திருந்தது, பித்தப்பை ஊதியிருந்தது, கல் கிடையாது. கணையத்தைப் பார்க்கலாமென்றால் குடல் காற்று நடுவில் வந்து மறைத்தது. "கொஞ்சம் காத்து நெறைய இருக்கு" என்றார் ஸ்கேன் டாக்டர். "முப்பது வருஷமா நானும் அதைத்தான் சொல்றேன்" என்றாள் முதலாளியம்மா. ஸ்கேன் டாக்டர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், அறையை விட்டு வெளியே வந்ததும் சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிந்து விழுந்தாள்.

அடுத்தது சி.டி. ஸ்கேன். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, அது கணையத்தில் ஓடும்போது ஒரு தொகுதிப் படமும், ஈரலுக்குப் போகும்போது இன்னொரு தொகுதிப் படமும் எடுத்தார்கள். லைட் சார் வெளியே வந்து, "மருந்து ஏறுனதும் ஒடம்பெல்லாம் சூடா ஒரு மாதிரி ஆச்சு முதலாளி, பேன்ட்ட நனைச்சிட்டேனோன்னு பயந்துட்டேன். உள்ள இருந்த பொண்ணு எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்னு சொல்லுச்சு. இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார்.

கணையத்தின் தலையில் ஒரு கட்டி. சின்னது, நெல்லிக்காய் அளவுகூட இல்லை. அந்த இடத்தில் உட்கார்ந்ததால்தான் குழாயை நெரித்துக் காமாலையை வரவழைத்தது. வால் பக்கம் வளர்ந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுத்திருக்காது என்றாள் டாக்டரம்மா. ரத்தத்தில் புற்றுநோய்க்கு அடையாளம் தேடும் இன்னொரு சோதனையும் எடுத்திருந்தார்கள், சி.ஏ. பத்தொன்பது-ஒன்பது என்று. அது ஏறியிருந்தது. தம்பி அந்த எண்ணைச் செல்போனில் தேடப்போய் முகம் வெளுத்தான்.

"அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க" என்றாள் டாக்டரம்மா. "பித்தம் அடைச்சிருந்தாலே அது பொய்யா ஏறும். சில பேருக்குப் புற்றுநோய் இருந்தும் ஏறாது. கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பாத்தாத்தான் என்னன்னு தெரியும்."

துணுக்கு எடுப்பதற்கு வாய் வழியாக ஒரு குழாயை இறக்கினார்கள். அதன் நுனியில் கேமரா, கூடவே ஸ்கேன் செய்கிற கருவி, அதற்குள்ளிருந்து ஊசி. இரைப்பையையும் முன்குடலையும் ஒட்டியே கணையம் இருப்பதால் உள்ளே இருந்து பார்த்தால் கிட்டத்தில் தெரியுமாம். லைட் சார் இதைத் தொழில்முறையில் விசாரித்தார்.

"கேமரா உள்ள போகுது சரி. லைட்டு யாரு போடுறது?"

"நுனியிலயே இருக்கு சார்."

"ஒரே லைட்டுல நிழல் விழுமே" என்று கவலைப்பட்டார். மயக்க மருந்து ஏறுகிறவரை விளக்கு எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். பாதி வாக்கியத்தில் வாய் நின்றது. வாழ்நாளில் அவர் வாயை அவ்வளவு சுலபமாக மூட யாராலும் முடிந்ததில்லை. கதவு மூடுவதற்குள் அந்த மௌனத்தை முதலாளியம்மா பார்த்துவிட்டாள். அவர் பேசட்டும், எத்தனை படம் கெட்டாலும் பரவாயில்லை, பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டாள்.

துணுக்கின் முடிவு வந்தது. புற்றுநோய்தான்.

அன்று வீட்டில் லைட் சார் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு, "பயமா இருக்கு முதலாளி" என்றார். முதலாளியம்மா, "எனக்கும்தான்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அப்போதுதான்.

அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கப் போனார்கள். கிளம்பும்போதே டாக்டரம்மா போனில் சொல்லியிருந்தாள்: கணையத்தில் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவரும்போது வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டியிருக்கும், பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக் குழாய்களைக் கட்டி பிடித்துக்கொண்டதா, ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டதா என்று பார்த்துத்தான் சொல்வார்கள். எடுக்க முடியுமா முடியாதா, கேட்க வேண்டியது அந்த ஒன்றுதான்.

நிபுணர் மெலிந்த மனிதர், நிதானமாகப் பேசுகிறவர். கம்ப்யூட்டரில் சி.டி. படங்களை ஒவ்வொன்றாக உருட்டினார். சாம்பலும் கறுப்புமாக ஓடிய அந்தப் படங்களில் எது என் புருஷன், எது கட்டி என்று அவளுக்குப் புரியவில்லை. வாழ்நாள் முழுவதும் படம் பார்த்தவள், பிழைப்பே படமாக இருந்தவள், இந்தப் படத்தைப் படிக்கத் தெரியாமல் நிபுணரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

அவளால் தாங்க முடியவில்லை. "டாக்டர், ஒண்ணு சொல்லிடுறேன்" என்றாள். "மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, இவர் மஞ்சளாயிட்டாருன்னு என் கேமராவுக்குத் தெரிஞ்சு. நான்தான் கம்ப்யூட்டர்ல அத அழிச்சு அழிச்சு வெள்ளையாக்கிட்டு இருந்தேன். ஊரையே நீலமாக்கிட்டேன். எனக்குத் தெரியாமத்தான் பண்ணேன். இருந்தாலும் நான்தான் பண்ணேன்."

நிபுணருக்குப் பாதி புரியவில்லை. லைட் சார் குறுக்கே வந்து விஷயத்தை விளக்கினார், கேஷியரையும் கத்தரிக்காய்க் குழந்தையையும் சேர்த்துத்தான். நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

"முன்னாடியே வந்திருந்தா நல்லதுதாம்மா, இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா இதவிட ரொம்ப லேட்டாத்தான் நெறைய பேர் வர்றாங்க. உங்க வீட்டுக்காரருக்குப் பக்கத்துல ஓடுற பெரிய ரத்தக் குழாயெல்லாம் கட்டிகிட்ட இருந்து விலகியே இருக்கு. ஈரல் சுத்தம். நுரையீரல் சுத்தம். காமாலையும் கட்டுக்கடங்காமப் போகல, பித்தத்த வடிக்கத் தனியா குழாய் வச்சுட்டுக் காத்திருக்க வேண்டியதில்ல. பெரிய ஆபரேஷன்தான். கணையத்தோட தலை, முன்குடல், பித்தப்பை எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி இணைக்கணும். அப்புறம் மாசக்கணக்குல கீமோ இருக்கு. திரும்ப வராதுன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. ஆனா எடுக்கலாம்."

முதலாளியம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா என்ன சொன்னீங்க டாக்டர்?"

"எடுக்கலாம்மா."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஏய், அவருக்கு வெளிய ஆள் காத்திருக்காங்க" என்றார் லைட் சார். "மன்னிச்சுக்கோங்க டாக்டர். இவ ஒரு படத்தோட விட மாட்டா."

"நீங்க வாய மூடுங்க" என்றாள். சொன்ன கையோடு, "இல்ல, பேசுங்க, பேசிட்டே இருங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்காமல் நிபுணரைப் பார்த்தாள்.

நிபுணர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் எந்தச் சலிப்பும் இல்லை.

"எடுக்கலாம்மா" என்றார் மறுபடியும்.